இரண்டு மட்டங்கள், ஒரு வெப்பநிலை



புள்ளியியல் இயந்திரவியலை முதன்முதலாகப் படிக்கும் மாணவருக்கு, பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறிய கணக்கு தரப்படும். ஒரு அமைப்புக்கு இரண்டே ஆற்றல் மட்டங்கள். கீழ்மட்டத்தின் ஆற்றல் சுழி, மேல்மட்டத்தின் ஆற்றல் ε. வெப்பநிலை T. பகிர்வுச் சார்பு என்ன? ஒவ்வொரு மட்டத்திலும் அமைப்பு இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இரண்டு வரியில் விடை வந்துவிடும். மாணவர் அதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

இன்று அடுத்த கணக்குக்குப் போகாமல் இங்கேயே நிற்போம். இந்த இரண்டு வரிக் கணக்கைக் கொண்டுதான் 1941ஆம் ஆண்டில் ஒரு வானியலாளர் விண்வெளியில் ஒரு வெப்பநிலையை அளந்தார். பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை அது. ஆனால் அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கும் தெரியவில்லை. தெரியவருவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கணக்கை நாம் எண்களோடு முழுவதும் போட்டுப் பார்ப்போம். போடும்போது பகிர்வுச் சார்பு என்ன வேலை செய்கிறது, எங்கே அது தேவையில்லை, எங்கே அதில் தவறு நேரும் என்பவை தாமாகவே விளங்கும்.

விண்வெளியில் ஒரு மூலக்கூறு

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி முழு வெற்றிடம் அல்ல. அங்கே மிக மெல்லிய வாயு மேகங்கள் இருக்கின்றன. ஒரு மேகத்துக்குப் பின்னால் பிரகாசமான விண்மீன் இருந்தால், அதன் ஒளி மேகத்தைக் கடந்து நம்மை வந்தடைகிறது. மேகத்தில் உள்ள அணுக்களும் மூலக்கூறுகளும் தமக்குரிய அலைநீளங்களை மட்டும் அந்த ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். விண்மீனின் நிறமாலையில் அந்த இடங்களில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். இவை உட்கவர் கோடுகள்.

ஒஃபியூக்கஸ் விண்மீன் தொகுதியில் உள்ள சீட்டா ஒஃபியூக்கி என்ற விண்மீனின் நிறமாலையில் இத்தகைய கோடுகள் காணப்பட்டன. கனடாவின் விக்டோரியா நகரில் உள்ள டொமினியன் வானியற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ மெக்கெல்லர், 1940இல் அவற்றில் ஒன்று CN மூலக்கூறுக்கு உரியது என்று அடையாளம் காட்டினார். ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த எளிய மூலக்கூறு இது. அதன் கோடு ஊதா நிறப் பகுதியில், 387.4 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் விழுகிறது.

இந்த மூலக்கூறு தன்னைத்தானே சுற்றிச் சுழலக்கூடியது. குவாண்டம் விதிப்படி அதன் சுழற்சி ஆற்றல் படிப்படியாகத்தான் உயர முடியும். மிகக் கீழான மட்டத்தில் சுழற்சியே இல்லை. இதை J = 0 என்று குறிப்போம். அடுத்தது J = 1. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு ε மிகச் சிறியது, 2.64 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ஒரு ஃபோட்டானின் ஆற்றல். அதை போல்ட்ஸ்மான் மாறிலி k-ஆல் வகுத்தால் 5.45 கெல்வின் கிடைக்கும். நம் கணக்கில் ε என்று வரும் இடமெல்லாம் ஆற்றலை ஜூலில் எழுத வேண்டியதில்லை. ε/k = 5.45 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் போதும். அதை வெப்பநிலையோடு நேரே ஒப்பிடலாம்.

மூலக்கூறு எந்த மட்டத்தில் இருக்கும்போது ஊதா ஒளியை உட்கவர்கிறதோ, அதைப் பொறுத்துக் கோடு சற்றே இடம் மாறும். J = 0இல் இருக்கும் மூலக்கூறுகள் ஒரு கோட்டைத் தருகின்றன. J = 1இல் இருப்பவை, அதற்கு இருபுறமும் மிக நெருக்கமாக இரண்டு கோடுகளைத் தருகின்றன. ஆகவே கோடுகளின் வலிமையை ஒப்பிட்டால், எத்தனை மூலக்கூறுகள் கீழே இருக்கின்றன, எத்தனை மேலே இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். கையில் வெப்பமானி இல்லாத இடத்தில், மட்டங்களில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் நமக்கு வெப்பமானி.

எடை எங்கிருந்து வருகிறது

எண்ணிக்கையிலிருந்து வெப்பநிலைக்குப் போக ஒரு பாலம் வேண்டும். அதுதான் போல்ட்ஸ்மான் காரணி. இதை மனப்பாடமாக எடுத்துக்கொள்ளாமல், எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஒரே ஒரு மூலக்கூறையும், அதைச் சூழ்ந்த மிகப் பெரிய வெப்பத் தேக்கம் ஒன்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்கின்றன. மொத்த ஆற்றல் E மாறுவதில்லை. மூலக்கூறு ε ஆற்றலுள்ள ஒரு நிலையில் இருந்தால், தேக்கத்துக்கு E − ε மட்டுமே மிஞ்சும். தேக்கம் அந்த ஆற்றலைத் தன் உறுப்புகளுக்குள் எத்தனை வகையாக அடுக்கிக்கொள்ள முடியுமோ, அந்த எண்ணிக்கையை Ω(E − ε) என்போம். மொத்த அமைப்பின் ஒவ்வொரு நுண்ணிய அடுக்கும் சம வாய்ப்புள்ளது என்பதே நம் அடிப்படைக் கொள்கை. அப்படியானால் மூலக்கூறு அந்த நிலையில் இருப்பதற்கான வாய்ப்பு Ω(E − ε)-க்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

தேக்கம் மிகப் பெரியது. ε மிகச் சிறியது. எனவே Ω-வின் மடக்கையை முதல் உறுப்பு வரை விரித்தால் போதும்:

ln Ω(E − ε) = ln Ω(E) − ε/kT

இங்கே 1/kT என்பது, தேக்கத்தின் ஆற்றல் மாறும்போது ln Ω மாறும் வீதம். வெப்பநிலையின் இலக்கணமே இதுதான். மடக்கையை நீக்கினால், ε ஆற்றலுள்ள ஒரு நிலையின் எடை e^(−ε/kT) என்று கிடைக்கிறது.

இந்த வழியில் வரும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. மூலக்கூறுக்கு மேல்மட்டம் பிடிக்காமல் போவதில்லை. அது மேலே ஏறினால் தேக்கம் ε அளவு ஆற்றலை இழக்கிறது. அதனால் தேக்கத்தின் அடுக்குகள் குறைகின்றன. அந்தக் குறைவுதான் போல்ட்ஸ்மான் காரணி. ஆகவே அந்தக் காரணியில் இருக்கும் T தேக்கத்தின் வெப்பநிலை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதுவே மையக் கேள்வியாகப் போகிறது.

மட்டம் வேறு, நிலை வேறு

முதல் ஆண்டு மாணவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் அடுத்து வருகிறது. நாம் கண்டுபிடித்த எடை ஒரு நிலைக்கு உரியது. ஒரு மட்டத்துக்கு உரியது அல்ல. ஒரே ஆற்றலில் பல நிலைகள் இருந்தால், அவை அனைத்தின் எடையையும் கூட்டினால்தான் மட்டத்தின் எடை கிடைக்கும்.

சுழலாத CN மூலக்கூறுக்கு, அதாவது J = 0க்கு, ஒரே ஒரு நிலைதான். J = 1இல் சுழலும் மூலக்கூறின் சுழற்சி அச்சு மூன்று வகையாக அமையலாம். மூன்றுக்கும் ஆற்றல் ஒன்றே. ஆகவே மேல்மட்டத்தில் மூன்று நிலைகள். CN-இல் ஒரு தனி எலக்ட்ரானின் தற்சுழற்சியும் உண்டு. ஆனால் அது இரண்டு மட்டங்களின் நிலைகளையும் ஒரே மாதிரி இரட்டிப்பாக்குவதால் விகிதத்தில் அடிபட்டுப்போகும். ஆகவே நம் கணக்குக்கு 1, 3 என்ற எண்களே போதும்.

இப்போது எடைகள்: கீழ்மட்டத்துக்கு 1, மேல்மட்டத்துக்கு 3e^(−ε/kT). இவற்றின் கூட்டுத்தொகைதான் பகிர்வுச் சார்பு:

Z = 1 + 3e^(−ε/kT)

நிகழ்தகவுகள் எல்லாம் கூடினால் 1 ஆக வேண்டும் அல்லவா? எனவே ஒவ்வொரு எடையையும் Z-ஆல் வகுக்கிறோம்:

P₀ = 1/Z, P₁ = 3e^(−ε/kT)/Z

இரண்டு எல்லைகளையும் சரிபார்ப்போம். வெப்பநிலை சுழியை நெருங்கினால் அடுக்குக்குறிக் காரணி மறைந்துவிடும்; Z = 1, மூலக்கூறு முழுவதும் கீழ்மட்டத்தில் இருக்கும். வெப்பநிலை மிக உயர்ந்தால் அந்தக் காரணி 1ஐ நெருங்கும்; Z = 4. நான்கு நிலைகளும் சம வாய்ப்பைப் பெறும், மேல்மட்டத்தின் பங்கு 3/4 ஆகும். இதிலிருந்து Z-இன் பொருளும் தெரிகிறது. அந்த வெப்பநிலையில் மூலக்கூறுக்கு உண்மையில் எத்தனை நிலைகள் எட்டும் தொலைவில் இருக்கின்றன என்பதன் அளவு அது. குளிரில் ஒன்று, கடும் வெப்பத்தில் நான்கு, இடையில் ஏதோ ஒரு பின்னம்.

நிகழ்தகவுகளின் விகிதம் எடுத்தால் Z அடிபட்டுவிடுகிறது:

P₁/P₀ = 3e^(−ε/kT)

வெப்பநிலையை அளக்க இந்த விகிதமே போதும். மேலே மூன்றாவது மட்டம் இருந்தாலும், நான்காவது இருந்தாலும், இந்த விகிதம் மாறாது. ஆனால் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு மூலக்கூறுகள் கீழே இருக்கின்றன என்று கேட்டால், Z இல்லாமல் விடை சொல்ல முடியாது.

மெக்கெல்லரின் கணக்கு

மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் வால்டர் ஆடம்ஸ், சீட்டா ஒஃபியூக்கியின் நிறமாலையை நுணுக்கமாகப் பதிவு செய்திருந்தார். J = 0இலிருந்து வரும் கோடு, J = 1இலிருந்து வரும் இரு கோடுகளில் வலிமையானதைப் போல ஏறத்தாழ 5 மடங்கு வலிமை உடையது என்று அவர் மதிப்பிட்டார். கோடுகள் மிக மெல்லியவை. அக்கால ஒளிப்படத் தகட்டில் அது கடினமான மதிப்பீடு.

இந்த 5ஐ அப்படியே எண்ணிக்கை விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. J = 0இல் உள்ள மூலக்கூறு தன் உட்கவர் திறன் முழுவதையும் ஒரே கோட்டில் காட்டுகிறது. J = 1இல் உள்ள மூலக்கூறின் திறன் இரண்டு கோடுகளாகப் பிரிகிறது; வலிமையான கோட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மற்றதற்கு மூன்றில் ஒரு பங்கு. எனவே,

5 = n₀ / (2n₁/3)

இதிலிருந்து n₁/n₀ = 0.3. இதைப் போல்ட்ஸ்மான் விகிதத்துக்குச் சமமாக்குவோம்:

3e^(−ε/kT) = 0.3

எனவே e^(−ε/kT) = 0.1. இரு புறமும் இயல் மடக்கை எடுத்தால் ε/kT = 2.303. ஆகவே T = 5.45/2.303, அதாவது ஏறத்தாழ 2.4 கெல்வின். 1941இல் மெக்கெல்லர் வெளியிட்ட மதிப்பு 2.3 கெல்வின்.

இதே கணக்கில் சிறு பிழைகள் என்ன செய்யும் என்று பாருங்கள். மேல்மட்டத்தின் மூன்று நிலைகளை மறந்து, விகிதத்தை e^(−ε/kT) என்று மட்டும் எழுதினால் 4.5 கெல்வின் வரும். மூன்று நிலைகளை நினைவில் வைத்து, கோடு இரண்டாகப் பிரிவதை மறந்தால் 2.0 கெல்வின் வரும். மூன்று விடைகளுமே பார்வைக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். விடையைப் பார்த்து மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லைகளைச் சோதித்தால் முதல் பிழை உடனே வெளிப்படும்: மிக உயர்ந்த வெப்பநிலையில் மேல்மட்டத்தின் பங்கு 3/4க்குப் பதில் 1/2 என்று வந்து நிற்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மேகத்தில் மூலக்கூறுகள் அதிகமானால், வலிமையான கோட்டின் மையத்தில் எடுத்துக்கொள்ள ஒளியே மிஞ்சாது. அதன் பிறகு மூலக்கூறுகள் பெருகினாலும் கோடு அதே அளவுக்கு வளராது. கீழ்மட்டத்தின் கோடுதான் வலிமையானது. எனவே அதுவே முதலில் இப்படித் தேங்கும். n₀ குறைவாக மதிப்பிடப்படும், விகிதம் கூடும், வெப்பநிலை உண்மைக்கு மேலே போய்விடும்.

இதைக் கண்டறிய நிறமாலையிலேயே ஒரு வழி இருக்கிறது. J = 1இலிருந்து வரும் இரண்டு கோடுகளும் ஒரே மூலக்கூறுகளிலிருந்து வருகின்றன. எனவே வெப்பநிலை எதுவானாலும் அவற்றின் வலிமை 2 : 1 என்றே இருக்க வேண்டும். அளந்த விகிதம் அதிலிருந்து விலகினால், கோடு தேங்கத் தொடங்கிவிட்டது அல்லது அளவீட்டில் குறை இருக்கிறது என்று பொருள். வெப்பநிலையைக் கணக்கிடும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

யாருடைய வெப்பநிலை?

2.3 கெல்வின் என்ற எண் கிடைத்துவிட்டது. அது எதனுடைய வெப்பநிலை?

முதலில் தோன்றும் விடை, வாயுவின் வெப்பநிலை என்பது. ஆனால் இத்தகைய மேகங்களில் அணுக்கள் அங்குமிங்கும் ஓடும் வேகத்துக்குரிய வெப்பநிலை பல பத்துக் கெல்வின்கள். மூலக்கூறு வாயு அணுக்களோடு மோதி மோதி ஆற்றலைப் பரிமாறிக்கொண்டிருந்தால், அதன் மட்டங்களும் அந்த வெப்பநிலையைத்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. கெர்ஹார்ட் ஹெர்ட்ஸ்பெர்க் 1950இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இந்த 2.3 கெல்வினைக் குறிப்பிட்டு, அதற்கு மிகக் குறுகிய பொருளே உண்டு என்ற கருத்தில் எழுதினார். நிறமாலையியலில் அவரைவிடப் பெரியவர் அன்று இல்லை. அவருடைய எச்சரிக்கையில் தவறும் இல்லை. இரண்டு மட்டங்களின் விகிதம் எதுவாக இருந்தாலும், அதை ஒரு வெப்பநிலையாக எழுதிவிடலாம். ஒரே ஒரு விகிதம் இருக்கும்போது ஏதாவது ஒரு T அதற்குப் பொருந்தியே தீரும். அங்கே உண்மையில் ஒரு வெப்பத் தேக்கம் இருக்கிறதா என்பதை அந்த ஒரு விகிதம் சொல்லாது.

தேக்கம் எது என்பதைக் காண, மூலக்கூறு எவற்றோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்கிறது என்று பட்டியலிட வேண்டும். J = 1இல் இருக்கும் CN மூலக்கூறைத் தனியே விட்டால், சராசரியாக ஏறத்தாழ ஒரு நாளில் 2.64 மில்லிமீட்டர் ஃபோட்டான் ஒன்றை வெளியிட்டுக் கீழே இறங்கிவிடும். இந்த மெல்லிய மேகங்களில் அடுத்த மோதல் வருவதற்கு அதைவிட மிக நீண்ட காலம் ஆகும். எனவே மோதல்களால் மேல்மட்டத்தை நிரப்பி வைத்திருக்க முடியாது. ஆனாலும் மேல்மட்டத்தில் மூலக்கூறுகள் தொடர்ந்து இருக்கின்றன. அப்படியானால் ஏதோ ஒன்று அவற்றை நாள்தோறும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: அதே 2.64 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள கதிர்வீச்சு.

கதிர்வீச்சே தேக்கமாக இருந்தால் நம் சூத்திரம் பொருந்துமா? ஐன்ஸ்டைன் 1916இல் காட்டிய வழியில் சரிபார்த்துவிடலாம். அந்த அலைநீளத்தில் கதிர்வீச்சின் ஒவ்வொரு முறைமையிலும் சராசரியாக N ஃபோட்டான்கள் இருப்பதாகக் கொள்வோம். கீழிருந்து மேலே ஏறும் வீதம் 3N-க்கு நேர் விகிதம். ஏற மூன்று நிலைகள் இருப்பதால் அந்த 3. மேலிருந்து கீழே இறங்கும் வீதம் N + 1-க்கு நேர் விகிதம். தூண்டப்பட்டு இறங்குவது N, தானாக இறங்குவது 1. ஏற்றமும் இறக்கமும் சமமாகும்போது,

n₁/n₀ = 3N/(N + 1)

T வெப்பநிலையில் உள்ள வெப்பக் கதிர்வீச்சுக்கு, பிளாங்க் விதிப்படி N = 1/(e^(ε/kT) − 1). இதை இட்டுப் பார்த்தால் N/(N + 1) என்பது e^(−ε/kT) ஆகிறது. 3e^(−ε/kT) என்ற நம் பழைய விகிதமே திரும்பக் கிடைக்கிறது. தேக்கம் வாயுவாக இருந்தால் என்ன, ஒளியாக இருந்தால் என்ன, மட்டங்களின் பங்கீடு ஒன்றே. அது தேக்கத்தின் வெப்பநிலையை மட்டுமே கேட்கிறது.

1965இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும், நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் இருந்த கொம்பு வடிவ ஆன்டெனாவில், 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில், வானின் எத்திசையில் திருப்பினாலும் குறையாத 3.5 கெல்வின் அளவு மிகைக் கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகு CN-இன் பழைய எண் சிலருக்கு நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் ஃபீல்டும் ஜான் ஹிட்ச்காக்கும் ஒரு புறம், பேட்ரிக் தாடியஸும் ஜான் கிளாசரும் இன்னொரு புறம், 1966இல் அந்தக் கோடுகளை மறுபடி அளந்தார்கள். இரு குழுக்களுக்கும் 3 கெல்வினை ஒட்டிய விடையே கிடைத்தது. சீட்டா ஒஃபியூக்கியின் மேகத்தில் மட்டுமல்லாமல் வேறு விண்மீனுக்கு முன்னால் உள்ள மேகத்திலும் அதே வெப்பநிலை வந்தது. உள்ளூர்க் காரணமாக இருந்தால் மேகத்துக்கு மேகம் வேறுபட்டிருக்க வேண்டும். அது எல்லா இடத்திலும் உள்ள ஒரே தேக்கம் என்பதற்கு இதுவே சான்று.

இன்றைய எண்ணோடு மீண்டும்

கோபி செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து, அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.725 கெல்வின் என்று இன்று அறிவோம். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். ε/kT = 5.45/2.725 = 2.00. e^(−2) = 0.135. மேல்மட்டத்தின் எடை 0.406. Z = 1.406. எனவே P₀ = 0.711, P₁ = 0.289. நான்கு நிலைகளில் ஏறத்தாழ ஒன்றரை நிலைகூட முழுதாக எட்டவில்லை என்று Z சொல்கிறது. நூற்றுக்கு 71 மூலக்கூறுகள் சுழலாமல் இருக்கின்றன, 29 சுழல்கின்றன.

இதன்படி கோடுகளின் விகிதம் 5 அல்ல, 3.7 ஆக இருந்திருக்க வேண்டும். ஆடம்ஸின் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிசகியிருந்தது. ஆனாலும் மெக்கெல்லரின் வெப்பநிலை 15 விழுக்காடு அளவுக்கே குறைந்தது. ஏனென்றால் வெப்பநிலை விகிதத்தின் மடக்கை வழியாகத்தான் வருகிறது. விகிதத்தில் ஏற்படும் சிறு பிழையை ε/kT-ஆல் வகுத்தால் வெப்பநிலையின் பிழை கிடைக்கும். இங்கே அந்த வகுஎண் 2, பிழை பாதியாகிறது.

அப்படியானால் ε/kT பெரிதாக இருப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் அது மிகப் பெரிதானால் மேல்மட்டம் காலியாகி, அளக்க வேண்டிய கோடே மறைந்துவிடும். மிகச் சிறிதானால் விகிதம் 3இல் போய் நின்றுவிடும். வெப்பநிலை மாறினாலும் அது அசையாது. ε-யும் kT-யும் ஒரே அளவில் இருக்கும்போதுதான் இரண்டு மட்டங்கள் நல்ல வெப்பமானி ஆகின்றன. CN-இன் 5.45 கெல்வின் இடைவெளி, 2.7 கெல்வின் கதிர்வீச்சை அளப்பதற்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

மூன்றாவது மட்டத்தை விட்டுவிட்டோமே, அது சரியா? J = 2இன் ஆற்றல் 3ε, நிலைகள் ஐந்து. அதன் எடை 5e^(−6) = 0.012. Z 1.406இலிருந்து 1.418 ஆகிறது. நூற்றில் ஒரு மூலக்கூறுகூட அங்கே இல்லை. இரண்டு மட்டங்கள் என்று கொண்டது நியாயம்தான்.

ஆனால் இந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மூலக்கூறுகள் ஒரு பெரிய உதவி செய்கின்றன. அவற்றின் கோட்டையும் அளக்க முடிந்தால், J = 2க்கும் J = 1க்கும் இடையிலான விகிதத்திலிருந்து இரண்டாவது வெப்பநிலை ஒன்று கிடைக்கும். அது 1.32 மில்லிமீட்டர் கதிர்வீச்சைச் சார்ந்தது. ஹெர்ட்ஸ்பெர்க்கின் எச்சரிக்கைக்கு இதுவே பதில். ஒரு விகிதத்துக்கு ஏதாவது ஒரு T பொருந்தியே தீரும். இரண்டு தனித்தனி விகிதங்கள் ஒரே T-ஐத் தந்தால் அது உண்மையான வெப்பநிலை. அவ்வாறே தருகின்றன. 1993இல் கேத்தரின் ரோத்தும் டேவிட் மெயரும் இசபெல் ஹாக்கின்ஸும் CN கோடுகளிலிருந்து பெற்ற மதிப்பு 2.729 கெல்வின். செயற்கைக்கோளின் மதிப்போடு பிழை எல்லைக்குள் ஒத்துப்போகிறது.

இரண்டு மட்டங்கள் போதாத இடம்

கடைசியாக, இந்த எளிய கணக்கு எங்கே உடைகிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

பிரபஞ்சம் விரிவடைவதால் பின்னணிக் கதிர்வீச்சு குளிர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றால், கடந்த காலத்தில் அது சூடாக இருந்திருக்க வேண்டும். செந்நகர்ச்சி z உள்ள தொலைதூர மேகத்தில் அதன் வெப்பநிலை 2.725 × (1 + z) கெல்வின் இருக்க வேண்டும். 2008இல், புனே நகரின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்தும் அவருடன் பணியாற்றியவர்களும், செந்நகர்ச்சி 2.418 உள்ள ஒரு மேகத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் உட்கவர் கோடுகளைக் கண்டு அதன் மட்டங்களை அளந்தார்கள். எதிர்பார்க்க வேண்டிய வெப்பநிலை 9.3 கெல்வின்.

கார்பன் மோனாக்சைடின் முதல் இடைவெளி 5.53 கெல்வின், ஏறத்தாழ CN-இன் அளவுதான். நம் சூத்திரத்தில் அப்படியே இட்டால் மேல்மட்டத்தின் எடை 3e^(−0.595) = 1.65. Z = 2.65. P₀ = 0.38 என்று வருகிறது.

மேல்மட்டத்தில் கீழ்மட்டத்தைவிட அதிக மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஒவ்வொரு தனி நிலையிலும் கீழே இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கின்றன. மேலே மூன்று நிலைகள் இருப்பதால் கூட்டுத்தொகை அதிகமாகிறது.

உண்மையான தவறு வேறு இடத்தில் இருக்கிறது. J = 2இன் எடையைப் போட்டுப் பாருங்கள்: 5e^(−1.78) = 0.84. J = 3இன் எடை 0.20. J = 4இன் எடை 0.02. எல்லாவற்றையும் கூட்டினால் Z = 3.72. எனவே P₀ = 0.27. இரண்டு மட்டக் கணக்கு சொன்ன 0.38 மிகவும் தவறானது. CN-இல் 2.7 கெல்வினில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த மூன்றாம் மட்டம், இங்கே கால் பங்கை நெருங்குகிறது. ஆற்றல் ஏணி ஏறத்தாழ ஒன்றே. மாறியது வெப்பநிலை மட்டும்தான்.

ஆனால் முதல் இரண்டு மட்டங்களின் விகிதம், 1.65, அப்படியே நிற்கிறது. எத்தனை மட்டங்களைச் சேர்த்தாலும் அது அசையாது. அதனால்தான் விகிதங்களை வைத்தே வெப்பநிலையை அளக்கிறார்கள். ஸ்ரீஆனந்த் குழுவுக்குக் கிடைத்த மதிப்பு 9.15 கெல்வின், பிழை எல்லை 0.7 கெல்வின் அளவு. எதிர்பார்த்த 9.3 அந்த எல்லைக்குள் அடங்குகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, தேர்வுத்தாளில் இரண்டு மட்டக் கணக்கு வரும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை நிலைகள்? நான் விட்டுவிட்ட அடுத்த மட்டத்தின் எடை, Z-உடன் ஒப்பிட்டால் எவ்வளவு? இந்த T எந்தத் தேக்கத்தின் வெப்பநிலை? முதல் இரண்டுக்கும் தாளிலேயே விடை காணலாம். மூன்றாவது கேள்விக்கு, அந்த அமைப்பு எதனோடு எவ்வளவு விரைவாக ஆற்றலைப் பரிமாறிக்கொள்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். 1941இல் முதல் இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை கையில் இருந்தது. மூன்றாவதன் விடைக்காகத்தான் 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.